செத்ததற்கு ஒரு படம், துடிப்பதற்கு வேறு படம்

சாலையோரத்தில் கிடக்கும் விலங்கைப் படமெடுத்து, "இது என்ன?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பது இன்று ஊர்தோறும் நடக்கிறது. எனக்கும் அப்படிப் படங்கள் வருகின்றன. பெரும்பாலானவை ஒரே மாதிரி எடுக்கப்பட்டவை. நின்ற உயரத்திலிருந்து கைப்பேசியை நீட்டி, நடுவில் விலங்கு தெரிய ஒரே ஒரு படம். செத்துப்போன பாம்பையும் சிறகு ஒடிந்த ஆந்தையையும் அதே கோணத்தில்தான் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் அந்தப் படம் போதாது.

செத்த விலங்கின் படம் "இது எந்த இனம், எப்படிச் செத்தது" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அடிபட்ட விலங்கின் படமோ "இப்போது எப்படி இருக்கிறது, எங்கே இருக்கிறது, யார் வந்தால் தூக்க முடியும்" என்பதைச் சொல்ல வேண்டும். முதல் படத்தைப் பார்ப்பவருக்கு அவசரமில்லை. இரண்டாவதைப் பார்ப்பவர் கையில் வண்டிச் சாவியோடு நிற்கிறார்.

உயிருள்ள விலங்கை நாம் பெரும்பாலும் அதன் போக்கை வைத்தே அடையாளம் காண்கிறோம். நல்ல பாம்பு என்றதும் படம் எடுத்த கழுத்துதான் மனதில் வரும். கீரியை ஓட்டத்தை வைத்துச் சொல்வோம், குயிலைக் குரலை வைத்துச் சொல்வோம். செத்தபின் இவை எதுவும் மிஞ்சாது. படமெடுத்த கழுத்து சுருங்கி, மற்ற பாம்புகளின் கழுத்தைப் போலவே கிடக்கும். நிறத்தையும் நம்ப முடியாது. வெயிலில் காய்ந்தால் கருமை வெளிறும், மழையில் ஊறினால் வெளிர்நிறம் கறுக்கும், தார்ச் சாலையின் புழுதி எல்லாவற்றையும் பழுப்பாக்கும். வயிறு ஊதிய மரநாய் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியும், நாலைந்து லாரிகள் ஏறிய முயல் ஒரு தோல் துண்டாகிவிடும். அதனால் இறந்த உடலில் மாறாதவற்றைத் தேட வேண்டும். செதில், பல், பாதம், நகம், வால், இறகு ஆகியவையே அவை. உயிரோடு இருந்தபோது யாரும் கிட்டே போய்ப் பார்த்திருக்க முடியாத இந்த இடங்களை இப்போது நிதானமாகப் படமெடுக்கலாம்.

தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தை எடுத்துக்கொள்வோம். மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலை, ஊர்ச் சாலையில் முழ நீளத்துக்கு ஒரு பாம்பு நசுங்கிக் கிடக்கிறது. கருப்போ பழுப்போ, தெளிவாகச் சொல்ல முடியவில்லை. உடல் முழுக்க வெள்ளைக் கோடுகள். கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா? முதலாவது நம் நாட்டில் மிக அதிகமாக மனித உயிரைக் குடிக்கும் நான்கு நச்சுப் பாம்புகளில் ஒன்று. இரண்டாவது வீட்டுச் சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கும் நஞ்சில்லாத பாம்பு. செத்துக் கிடப்பது எது என்று தெரிந்தால், அந்தத் தெருவில் இரவில் டார்ச் இல்லாமல் நடக்கலாமா, தரையில் படுக்கலாமா என்பதற்குப் பதில் கிடைத்துவிடும். கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலியும் வீக்கமும் இல்லாமல் நஞ்சு ஏறும்.

மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கோடுகள் எந்த இடத்தில் தெளிவாக இருக்கின்றன என்பது முதல் துப்பு. கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் கோடுகள் மங்கியோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். கோடுகள் மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். வெள்ளிக்கோல் வரையனுக்கு நேர்மாறு. கழுத்தருகே பட்டையாகத் தொடங்கி, வால் பக்கம் மங்கிவிடும். அப்படியென்றால் தலை எந்தப் பக்கம் என்று படத்தில் தெரிய வேண்டும். தலை நசுங்கிப்போயிருந்தால், மெலிந்து முடிகிற வால் நுனியாவது தெரிய வேண்டும். பாதி உடலை மட்டும் எடுத்து அனுப்பினால் இந்தத் துப்பு கைநழுவிவிடும்.

கோட்டைவிட உறுதியான துப்பு முதுகின் நடுவில் இருக்கிறது. கட்டுவிரியனின் முதுகெலும்பை ஒட்டி ஓடும் செதில் வரிசை, பக்கத்துச் செதில்களைவிடப் பெரியதாகவும் அறுகோண வடிவிலும் இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு முதுகுச் செதில்கள் எல்லாம் ஒரே அளவு. நிறம் முழுக்கப் போய், பாம்பு காய்ந்த வாழைநாராகக் கிடந்தாலும் இந்த வேறுபாடு அழியாது. கைப்பேசியை ஒரு சாண் உயரத்தில் நேராகப் பிடித்து, நடு உடலில் முதுகைக் குறிவைத்து ஒரு படம் எடுத்தால் போதும்.

மூன்றாவது துப்பு வாலின் அடியில். ஒரு நீளக் குச்சியால் வாலைப் புரட்டிப் பாருங்கள். கழிவுத் துளைக்குப் பின்னால் வால் நுனிவரை செல்லும் செதில்கள் கட்டுவிரியனுக்கு ஒற்றையாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பட்டையாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு அவை நடுவில் பிளந்து இரட்டை வரிசையாக இருக்கும். முதுகும் வாலடியும் ஒரே பதிலைச் சொன்னால் ஐயமே வேண்டாம். தலை மிஞ்சியிருந்தால் பக்கவாட்டில் ஒரு படம் கூடுதல் உதவி.

இந்தப் படங்களை எடுக்கும்போது விரல் அந்தப் பாம்பின் மேல் படக்கூடாது. செத்துவிட்டதாகத் தெரியும் பாம்பும் சிறிது நேரம்வரை அனிச்சையாகக் கடிக்கும். துண்டான தலைகூடக் கடித்திருக்கிறது. அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ குச்சியால் தள்ளி வையுங்கள். காலை வைத்து அளவு காட்டுவது வேண்டாம். அதைவிட முக்கியம், சாலையில் குனிந்து நிற்கும் உங்கள் உடல். வண்டியை ஓரங்கட்டி, அவசர விளக்கை ஒளிரவிட்டு, எதிரே வருபவருக்குத் தெரியும்படி ஒருவர் நிற்க, இன்னொருவர் படமெடுப்பதுதான் முறை. வளைவிலும் இருட்டிலும் எந்தப் பாம்புக்காகவும் இறங்காதீர்கள்.

பாலூட்டிகளுக்கும் இதே முறைதான், பார்க்கும் இடங்கள்தான் வேறு. புனுகுப் பூனைக்கும் மரநாய்க்கும் வாலே போதும். முன்னதற்கு வால் முழுக்க வளையங்கள், பின்னதற்கு வளையமற்ற கருத்த வால். நம் ஊர் முயலுக்குப் பிடரியில் கருப்புத் திட்டு இருக்கும். ஆனால் பாலூட்டி செத்துக் கிடந்தால் வயிற்றுப் பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள் என்று நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் வேறு. மடிக்காம்புகள் பருத்து, சுற்றி முடி உதிர்ந்திருந்தால் அது பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய். பக்கத்துப் புதரிலோ வளையிலோ குட்டிகள் காத்திருக்கும். குரங்கு என்றால் குட்டி தாயின் வயிற்றையே பற்றிக்கொண்டிருக்கலாம். மின்கம்பியில் பட்டு விழுந்த பழந்தின்னி வௌவாலின் சிறகுக்குள் குட்டி உயிரோடு ஒட்டியிருப்பதும் உண்டு. செத்த விலங்கின் படம் ஓர் உயிரைக் காக்கும் தகவலாக மாறுவது இந்த இடத்தில்தான். வெறுங்கையால் தொடாமல், உடனே வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

பறவை என்றால் ஒரு சிறகை விரித்து மேல்புறமும் அடிப்புறமும், பிறகு வால், அலகு, கால். காலில் உலோக வளையம் இருந்தால் அதிலுள்ள எண் தெளிவாகத் தெரிய எடுங்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, வளையமிட்டு விடுகிறது. எங்கோ செத்துக் கிடக்கும் ஒரு பறவையின் வளைய எண் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அது எப்போது எங்கே பிடிபட்டது, எவ்வளவு தூரம் பறந்தது என்று சொல்லிவிட முடியும்.

சாலையோரத்தில் செத்துக் கிடப்பதெல்லாம் வண்டியில் அடிபட்டது அல்ல. ஒரே இடத்தில் மூன்று நான்கு மயில்கள், உடலில் காயமில்லை, பக்கத்தில் விதைத்த வயல் என்றால் நஞ்சு வைத்திருக்கலாம். காகங்கள் கூட்டமாகச் செத்தால் நோயாக இருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் விலங்கைவிடச் சுற்றுப்புறமே துப்பு. தூரத்திலிருந்து முழு இடமும் தெரிய நாலு பக்கமும் படமெடுத்துவிட்டு எதையும் தொடாமல் விலகி, வனத்துறையையோ கால்நடை மருத்துவமனையையோ அழைக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, செத்துக் கிடக்கும் காட்டுயிர் அரசின் உடைமை. அது உங்கள் கைக்கு எப்படி வந்திருந்தாலும், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். தோகையோ, நகமோ, முள்ளம்பன்றி முள்ளோ நினைவுக்கு எடுத்துப் போவது குற்றத்தில் முடியும்.

இனி உயிருள்ளதைப் பார்ப்போம். இங்கே மேலே சொன்னதெல்லாம் தலைகீழாகிறது. கிட்டே போகக்கூடாது, புரட்டக்கூடாது, செதிலை எண்ணக்கூடாது. அடிபட்ட விலங்குக்கு நீங்கள் குனிந்து வருவது இரை தேடி வரும் மிருகம் வருவதுதான். அதிர்ச்சியிலேயே செத்துப்போகும் பறவைகள் உண்டு. இழுத்துக்கொண்டே மறுபடி சாலைக்குள் ஓடும் விலங்குகள் உண்டு. சரியான இனப்பெயரும் அவசரமாகத் தேவையில்லை. பாம்பா, பறவையா, கடிக்கக்கூடிய பாலூட்டியா, எந்த அளவு என்பது தெரிந்தாலே மீட்பவர் எந்தக் கருவியை எடுத்து வருவது என்று முடிவு செய்துவிடுவார். அவர் படத்தில் தேடுவது நிலையை. இரண்டு காலில் நிற்கிறதா, ஒரு சிறகு மற்றதைவிடத் தொங்குகிறதா, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, ரத்தம் இருக்கிறதா, காயத்தில் ஈ மொய்க்கிறதா? இதில் பாதியை அசையாத படம் சொல்லாது. பத்துப் பதினைந்து வினாடி வீடியோ சொல்லிவிடும்.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்வோம். பச்சை முதுகும், நீலத் திட்டும், அடிவயிற்றில் சிவப்பும் கொண்ட இந்தப் பறவை இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இரவோடு இரவாகத் தெற்கே பறந்து வருகிறது. அக்டோபர் வாக்கில் சென்னை, மதுரை போன்ற நகரங்களில்கூடக் களைத்துப்போய் மாடியிலும் வராந்தாவிலும் இறங்கும். கண்ணாடியில் மோதி விழும். வீட்டுக்காரர் ஓர் அழகான நெருக்கப் படத்தை அனுப்பி, "காயம் எதுவும் தெரியவில்லை, என்ன செய்ய?" என்பார். அந்தப் படத்தில் பெயர் இருக்கிறது, பதில் இல்லை. நான்கடி தள்ளி நின்று பறவையின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் எடுத்து, மோதிய கண்ணாடி தெரிய ஒரு படமும் சிறிய வீடியோவும் அனுப்பினால் பேச்சே மாறும். இரு சிறகும் சமமாக மடிந்து, கண் திறந்து, இரு காலில் நின்றால் அது மோதலின் மயக்கமாகவோ பயணக் களைப்பாகவோ இருக்கலாம். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் பருத்தித் துணி விரித்து, பறவையை மென்துணியால் மூடி எடுத்து உள்ளே விட்டு, இருட்டான சத்தமில்லாத அறையில் வைக்க வேண்டும். அலகில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போய்ச் செத்த பறவைகள் ஏராளம். சோறும் பாலும் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில், மரங்கள் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் தானே பறந்துவிடும்.

அதே பறவையைப் பூனை வாயில் கவ்வியிருந்தது என்றால் கதை வேறு. வெளியில் கீறல்கூடத் தெரியாமல் பூனையின் பல் இறங்கியிருக்கும், அதன் எச்சிலிலுள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். அதற்கு மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும். இந்தத் தகவல் எந்தப் படத்திலும் வராது, நீங்கள்தான் எழுத வேண்டும். இன்னொரு தகவலும் அப்படித்தான். தத்தித் தத்தி நடக்கும் குட்டைவால் குஞ்சு அடிபட்டதாக இருக்க வேண்டியதில்லை. கூட்டை விட்டு இறங்கிப் பறக்கப் பழகுகிறது. பக்கத்து மரத்தில் தாய் கத்துகிறதா என்று கால் மணி நேரம் ஒதுங்கி நின்று பாருங்கள். மீட்பு என்ற பெயரில் தாயிடமிருந்து பிரிக்கப்படும் குஞ்சுகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

யாரை அழைப்பது? காட்டுயிர் என்றால் முதல் பொறுப்பு வனத்துறைக்குத்தான். மாவட்ட வன அலுவலகம், அதன்கீழ் வனச்சரக அலுவலகம், அங்கே வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர். உங்கள் ஊர் எந்தச் சரகத்தில் வருகிறது என்பதை விலங்கு அடிபட்ட பிறகு தேடினால் நேரம் போய்விடும். forests.tn.gov.in தளத்திலும் மாவட்ட நிர்வாகத்தின் தளத்திலும் அலுவலகத் தொடர்புகள் இருக்கும். பகலில் ஒருமுறை அழைத்து, இந்த ஊர் உங்கள் சரகம்தானா, இரவில் யாரை அழைப்பது என்று கேட்டு எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். இரவில் யாரும் எடுக்கவில்லையென்றால் 112-ஐ அழைத்து, வனத்துறைக்குத் தகவல் தரும்படி காவல் துறையிடம் கேட்கலாம். வீட்டுக்குள் பாம்பு, கிணற்றில் விலங்கு, நூல் மாட்டித் தொங்கும் பறவை என்றால் 101-இல் தீயணைப்புத் துறையினர் வருவார்கள். கால்நடைகளுக்கான 1962 ஊர்தியும் அரசு கால்நடை மருத்துவமனையும் நாய்க்கும் மாட்டுக்கும் நேரடி உதவி. காட்டுயிருக்கு முதலுதவி செய்யவும், வனத்துறையோடு பேசி வழிகாட்டவும் அங்குள்ள மருத்துவரைக் கேட்கலாம். சென்னையில் புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. கேரள எல்லைக்குள் பாம்பு என்றால் அம்மாநில வனத்துறையின் "சர்ப்ப" செயலியில் பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவர்களின் விவரம் உண்டு.

தனியார் மீட்பவர் என்று ஒருவர் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். வனத்துறைக்குத் தெரிந்துதான் செய்கிறீர்களா, பிடித்ததை எங்கே ஒப்படைப்பீர்கள்? நல்ல மீட்பவர் சரகத்தின் பெயரை உடனே சொல்வார். பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கிக் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுபவரையும், பிடித்த விலங்கை வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்பவரையும் அனுப்பிவிட்டு மறுபடி சரகத்தை அழையுங்கள்.

அழைத்தபின் அனுப்பும் செய்தி எப்படி இருக்க வேண்டும்? திண்டுக்கல்–நத்தம் சாலையில் இரவு ஒரு தேவாங்கு அடிபட்டுக் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். 2022-இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் இருக்கிறது. அதற்கு வெளியிலும் புதர்க்காடும் மரவேலியும் உள்ள இடங்களில் தேவாங்குகள் வாழ்கின்றன. "தேவாங்கு போலத் தெரிகிறது, உயிரோடு இருக்கிறது. இடது பின்காலை இழுக்கிறது, ரத்தம் குறைவு. சாணார்பட்டி தாண்டி, இடப்பக்கப் புளியமரத்தின் அடியில். பார்த்தது இரவு 9.40. நாய்கள் வராமல் நாங்கள் இருவர் நிற்கிறோம், தொடவில்லை." இவ்வளவு போதும். கூடவே வரைபடத்தில் இடக்குறியை அனுப்புங்கள். இணையம் இல்லாத இடத்தில் சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஊரையும் எண்ணையும் தொலைபேசியில் வாசித்துவிடலாம். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

கைப்பேசிப் படத்துக்குள்ளேயே இடம் பதிந்திருக்குமே என்று நினைத்து, பலர் இடத்தை எழுதாமல் விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அந்தப் பதிவு நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால்தான் தங்கும். அதனால் இடத்தை எப்போதும் தனியாக அனுப்ப வேண்டும். மீட்பவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். தேவாங்கு, எறும்புத்தின்னி, நட்சத்திர ஆமை ஆகிய மூன்றும் கடத்தலுக்கு இலக்கானவை. உயிருள்ளதன் இடத்தை ஊர்க் குழுவில் போட்டால், யார் முதலில் வருவார்கள் என்று சொல்ல முடியாது. செத்ததன் இடத்தையோ தாராளமாகப் பதியலாம். iNaturalist போன்ற தளத்தில் படத்தை ஏற்றி, "Alive or Dead" என்ற இடத்தில் "Dead" என்று குறித்துவிட்டால், எந்தச் சாலையில் எந்த விலங்கு சாகிறது என்ற கணக்கில் அதுவும் சேரும். அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை அந்தத் தளமே மங்கலாக்கிக் காட்டுகிறது.

மீட்பவர் வரும்வரை விலங்கைச் சுற்றிக் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. சிறு பறவை என்றால் மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து வைக்கலாம். நரி, மரநாய், குரங்கு, வௌவால் எதையும் கையால் தூக்க வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

விலங்கை ஒப்படைக்கும்போது அது கிடந்த இடத்தின் குறியை மறுபடியும் கொடுத்து, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். குணமான பிறகு அதை விட வேண்டியது அந்த இடத்துக்கு அருகில்தான். பழகாத காட்டில் கொண்டுபோய் விடப்பட்ட பாம்புக்கு வளையும் தெரியாது, இரை கிடைக்கும் இடமும் தெரியாது. தேவாங்குக்குத் தெரிந்ததெல்லாம் தான் பிறந்து உலவிய அந்த மரவேலிகள்தான்.